எவ்வளவு, எந்தத் தேதி, வெட்டினால் என்ன செய்வது?



மாதாமாதம் தவறாமல் பில் கட்டுகிறவர்களுக்கு இந்த இதழின் ஆசிரியர் பக்கம் தேவைப்படாது என்று தோன்றலாம். ஆனால் நம் செலண்டார், பத்தாங் மலாக்கா, புக்கிட் ஆசாஹான், ஜாசின் வட்டாரத்தில் ஒரு மாதம் ஓவர்டைம் குறைந்துபோனாலோ, பிள்ளைகளின் பள்ளிச் செலவு ஒரே நேரத்தில் வந்து நின்றாலோ, கரண்டு பில்லோ தண்ணீர் பில்லோ தள்ளிப்போகாத வீடு எத்தனை இருக்கும்?

அப்படித் தள்ளிப்போன பிறகு வருகிற அந்தத் துண்டிப்பு அறிவிப்பைப் பற்றித்தான் உங்களிடம் பேச நினைக்கிறேன். அதைக் கையில் வாங்கும் யாருக்கும் மூன்றே கேள்விகள்தான் மனதில் எழும். எவ்வளவு கட்டினால் தப்பலாம்? எந்த நாளுக்குள்? ஒருவேளை வெட்டிவிட்டால் திரும்ப வர என்ன செய்ய வேண்டும்? இந்த மூன்றுக்கும் பதில் அந்தக் காகிதத்தில் எங்கேயோ இருக்கத்தான் செய்கிறது. ஆனால் தேட வேண்டியிருக்கிறது. பதற்றத்தில் இருக்கிறவரைத் தேட வைப்பது சரியா?

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். தொகைகள் நான் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. செலண்டாரில் ஒரு தமானில் குடியிருக்கும் குடும்பம். ஜனவரி பில் 92.40 வெள்ளி, பிப்ரவரி பில் 95.10 வெள்ளி, இரண்டும் கட்டவில்லை. மார்ச் 5-ஆம் தேதி புதிய பில் 98.75 வெள்ளிக்கு வருகிறது. அதைக் கட்ட ஏப்ரல் 4 வரை நேரம் உண்டு. மார்ச் 12-ஆம் தேதியிட்டு துண்டிப்பு அறிவிப்பு புறப்படுகிறது.

இப்போது அந்த வீட்டில் இரண்டு தாள்கள். ஒன்றில் துங்கக்கான், அதாவது பழைய பாக்கி, 187.50 வெள்ளி. இன்னொன்றில் சாஜ் செமாசா, நடப்பு மாதக் கட்டணம், 98.75. கீழே பெரிய கட்டத்துக்குள் மொத்தம் 286.25. தேதியும் ஒன்றல்ல. ஒரு தாளில் ஏப்ரல் 4 என்று இருக்கிறது. மற்றொன்றில் "இந்த அறிவிப்புத் தேதியிலிருந்து ஏழு நாட்களுக்குள்" என்று இருக்கிறது.

அந்த அம்மாவின் கையில் 200 வெள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் கண்ணில் முதலில் படுவது பெரிய கட்டத்தில் உள்ள 286.25. அவ்வளவு பணம் இல்லை, மாதக் கடைசியில் சம்பளம் வந்ததும் முழுதாகக் கட்டிவிடலாம் என்று தாளை மடித்து சாமி படத்துக்குப் பின்னால் வைக்கிறார். ஏப்ரல் 4 வரை நேரம் இருப்பதாகவும் நம்புகிறார். ஆனால் துண்டிப்பைத் தடுக்கத் தேவைப்பட்டது 187.50 மட்டும்தான். அது அவர் கையிலேயே இருந்தது. மார்ச் 20-ஆம் தேதி கரண்டு போகிறது.

இந்த வீட்டில் கரண்டு போனதற்கு வறுமையைக் காரணம் சொல்ல முடியுமா? காகிதம்தான் காரணம். பணம் கிடைக்காமல் நிறுவனத்துக்கும் நஷ்டம், குடும்பத்துக்கும் தொல்லை.

"ஏழு நாட்களுக்குள்" என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மார்ச் 12-ஆம் தேதியிட்ட கடிதம் தபாலில் வந்து சேர ஐந்து நாள் ஆனால், கையில் மிஞ்சுவது இரண்டே நாள். அதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கும் வேலையை வாசிப்பவரிடம் தள்ளுவானேன்? கணினி அந்தக் கடிதத்தை அச்சடிக்கும்போதே கடைசி நாள் அதற்குத் தெரியும். "மார்ச் 19, வியாழக்கிழமை" என்று கிழமையோடு அச்சடித்துவிடலாம். நம் வீடுகளில் தேதியைவிடக் கிழமைதான் நினைவில் நிற்கும்.

தோட்டத்து லயங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் குழப்பம் இன்னும் அதிகம் என்பதை நம் வட்டாரத்தில் இருப்பவர்கள் அறிவோம். தோட்டத் தொழிலாளர் வீட்டு வசதிகளுக்கான 1990-ஆம் ஆண்டுச் சட்டம் குழாய்த் தண்ணீரையும் மின்சார வசதியையும் ஏற்பாடு செய்யும் பொறுப்பை முதலாளி மீது வைக்கிறது. லயத்தில் தண்ணீர் நின்றால் தோட்ட ஆபீசில் போய்ச் சொன்னோம், அவ்வளவுதான். தோட்டம் விற்கப்பட்டு, அல்லது ஓய்வுக்குப் பிறகு, தமானுக்கோ மலிவுவிலை வீட்டுக்கோ வந்த பிறகுதான் நம் பெயரில் கணக்கு, முன்பணம், பாக்கி, அறிவிப்பு எல்லாம் தொடங்கின. அறுபது வயதில் முதல் துண்டிப்பு அறிவிப்பைப் பார்த்த பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

மலாக்காவுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. தெனாகா நேஷனல் நிறுவனம் ஸ்மார்ட் மீட்டர்களைப் பரவலாகப் பொருத்தத் தொடங்கிய முதல் மாநிலம் நம்முடையதுதான். இந்த மீட்டரின் அளவை எடுக்க வாசலுக்கு ஆள் வர வேண்டியதில்லை. தூரத்திலிருந்தே துண்டிக்கவும், பணம் கட்டியதும் தூரத்திலிருந்தே மீண்டும் இணைக்கவும் அதனால் முடியும். இணைப்பு விரைவாகத் திரும்புவது நல்ல விஷயம்.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். முன்பெல்லாம் வெட்ட வரும் ஆள் கேட்டருகே நின்று கூப்பிடுவார். "அண்ணே, ரசீது இந்தாங்க, நேத்துதான் போஸ்ட் ஆபீசில் கட்டினேன்" என்று காட்டலாம். ஆள் வராத காலத்தில், துண்டிப்புக்கு முன் அந்த வீட்டோடு பேசும் கடைசிக் குரல் அந்த அறிவிப்பு மட்டும்தான். அதனால் வாசலில் நடந்த பேச்சு முழுவதையும் இனி காகிதம்தான் பேச வேண்டும். கட்டிய பணம் கணக்கில் ஏறத் தாமதமாகலாம் என்பதையும், ரசீதை யாரிடம் எப்படிக் காட்டுவது என்பதையும்கூட அதுதான் சொல்ல வேண்டும்.

சரி, எப்படி எழுதினால் விளங்கும்? அந்தக் குடும்பத்துக்கே எழுதிப் பார்த்தேன். தாளின் மேல் பகுதியில், பெரிய எழுத்தில், இப்படி:

"மார்ச் 19, வியாழக்கிழமைக்குள் 187.50 வெள்ளி கட்டுங்கள். கட்டினால் உங்கள் வீட்டு மின்சாரம் துண்டிக்கப்படாது. கட்டாவிட்டால் மார்ச் 20 காலையிலிருந்து எந்த நேரத்திலும் துண்டிக்கப்படும்."

அதற்குக் கீழே சற்றுச் சிறிய எழுத்தில்: "இது ஜனவரி, பிப்ரவரி பில்களுக்கான தொகை. மார்ச் பில் இதில் சேரவில்லை. அதைக் கட்ட ஏப்ரல் 4 வரை நேரம் இருக்கிறது."

இந்த இரண்டாம் பத்தி ரொம்ப முக்கியம். மற்றத் தொகையை மறைக்கவும் இல்லை, முதல் தொகையோடு மோத விடவும் இல்லை. மொத்தம் 286.25 என்ற எண் இந்தத் தாளில் எங்குமே வரக்கூடாது என்பது என் கருத்து. அது பில்லில் இருக்கட்டும். எச்சரிக்கைத் தாளில் ஒரு நடவடிக்கை, ஒரு தொகை, ஒரு தேதி.

அடுத்து: "ஏற்கெனவே கட்டிவிட்டீர்களா? ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு இந்த எண்ணை அழையுங்கள். முழுத் தொகையும் இல்லையா? மார்ச் 19-க்கு முன்பே அழைத்துத் தவணை கேளுங்கள். இந்தத் தொகை தவறு என்று நினைக்கிறீர்களா? அதே எண்ணில் சொல்லுங்கள், சரிபார்த்துப் பதில் தருவோம்."

கடைசியாக, துண்டித்த பிறகு செய்ய வேண்டியவை, செய்யும் வரிசைப்படியே: "பாக்கியையும் மறு இணைப்புக் கட்டணத்தையும் சேர்த்து, மொத்தம் இத்தனை வெள்ளி கட்டுங்கள். கட்டியதை எங்களுக்குத் தெரிவியுங்கள். வீட்டு மெயின் சுவிட்சை அணைத்து வையுங்கள். இத்தனை மணி நேரத்துக்குள் இணைப்பு திரும்பும். வராவிட்டால் இந்த எண்."

மெயின் சுவிட்ச் எதற்கு என்று கேட்கலாம். கரண்டு போன நேரத்தில் இஸ்திரிப்பெட்டியோ மின் அடுப்போ ஓடிக்கொண்டிருந்திருக்கும். அதை மறந்து வெளியே போயிருப்போம். ஆள் இல்லாத வீட்டில், தூரத்திலிருந்து யாரோ ஒரு பொத்தானை அழுத்த, அது மீண்டும் சூடாகத் தொடங்கினால் என்ன ஆகும்? ஒரே ஒரு வரி எழுதினால் அந்த ஆபத்து குறையும்.

மறு இணைப்பு என்று பொதுவாகச் சொன்னாலும் எல்லாத் துண்டிப்பும் ஒரே மாதிரி இல்லை. ஸ்மார்ட் மீட்டரில் தூரத்திலிருந்து நிறுத்தியது சீக்கிரம் திரும்பும். பழைய மீட்டரில் கட்-அவுட்டைக் கழற்றியிருந்தால் ஆள் வர வேண்டும். கம்பத்திலேயே கம்பியை எடுத்திருந்தால் இன்னும் நேரமாகும். தண்ணீரில் மீட்டருக்கு முன் உள்ள வால்வைப் பூட்டியிருப்பதற்கும் மீட்டரையே கழற்றிக்கொண்டு போயிருப்பதற்கும் நிறைய வித்தியாசம். ஆகவே "இணைப்பு விரைவில் வழங்கப்படும்" என்று பொதுவாக எழுதாமல், உங்கள் வீட்டில் எந்த வகைத் துண்டிப்பு நடக்கும், அதற்கு எவ்வளவு நேரம் என்று எழுத வேண்டும். அவசரத்தில் சீலை உடைத்துத் தானே இணைத்துக்கொள்வது குற்றம். உயிருக்கும் ஆபத்து. நேரம் தெரிந்தால் அந்த அவசரம் பாதி அடங்கிவிடும்.

சட்டப் பிரிவு எண்கள் வேண்டாமா என்று நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் கேட்பார்கள். வேண்டும்தான். ஆனால் தாளின் அடியிலோ பின்பக்கத்திலோ போகட்டும். பிரிவு எண்ணைப் படித்துவிட்டு யாரும் பணம் கட்டப் போவதில்லை.

இன்னொரு நடைமுறை விஷயம். இப்போதெல்லாம் அம்மா அந்தத் தாளைப் படிப்பதில்லை, போனில் படம் எடுத்து ஜொகூரிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் மகனுக்கு வாட்ஸாப்பில் அனுப்புகிறார். இளஞ்சிவப்புத் தாளில் சிவப்பு எழுத்து அந்தப் படத்தில் தெரியவே தெரியாது. கையடக்க அச்சுக்கருவியில் வரும் சீட்டு வெயிலில் மங்கிவிடும். வெள்ளைத் தாள், கறுப்பு எழுத்து, தொகையும் தேதியும் கணக்கு எண்ணும் மேல் பாதியிலேயே. ஒரே படத்தில் மூன்றும் அடங்க வேண்டும்.

தொகை தவறு என்றால் எங்கே போவது என்ற வரியை நான் மேலே சேர்த்தது சும்மா இல்லை. அதன் பின்னால் ஒரு பெரிய வழக்கே இருக்கிறது. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் நகராட்சியே நடத்தும் மின்சார, எரிவாயு, தண்ணீர் நிறுவனம் ஒன்று உண்டு. கிராஃப்ட் என்ற தம்பதியர் 1972-இல் அங்கே ஒரு வீட்டுக்குக் குடிவந்தார்கள். அது முன்பு இரண்டு குடும்பங்கள் இருந்த வீடு, அதனால் மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் மீட்டர்கள் இரண்டிரண்டு. ஒரே வீட்டுக்கு இரண்டு கணக்கில் பில் வந்தது. ஏன் என்று கேட்க அந்த அம்மா வேலைக்கு விடுப்புப் போட்டு அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். சரியான பதில் சொல்வார் இல்லை. ஏறத்தாழ ஒன்றேகால் ஆண்டுக்குள் ஐந்து முறை இணைப்பைத் துண்டித்தார்கள்.

வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1978 மே மாதம் தீர்ப்பு. நிறுவனம் அனுப்பிய கடைசி அறிவிப்பில், பணம் பாக்கி, இன்ன தேதிக்குள் கட்டாவிட்டால் துண்டிப்போம் என்பது மட்டும்தான் இருந்தது. பில்லில் தகராறு இருந்தால் யாரிடம் முறையிடலாம் என்று ஒரு சொல்லும் இல்லை. அது போதாது, முறையிட வழி இருக்கிறது என்பதை அறிவிப்பே சொல்ல வேண்டும் என்று நீதிபதிகள் பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தார்கள். தண்ணீரோ வெப்பமோ கொஞ்ச நேரம் நின்றாலும் உடல்நலத்துக்கு ஆபத்தாகலாம் என்பதையும் அவர்கள் கவனித்தார்கள்.

அந்தத் தீர்ப்பு அந்த நாட்டின் அரசு சார்ந்த நிறுவனங்களுக்குத்தான் பொருந்தும், நம் நாட்டில் அது சட்டமாகாது. ஆனால் அதன் நியாயம் நமக்குப் புரியாததா? 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது மீட்டர் பார்க்க ஆள் வரவில்லை. உத்தேசக் கணக்கில் பில் போட்டார்கள். பிறகு உண்மை அளவைச் சேர்த்துப் போட்ட பில் வந்தபோது நாடு முழுக்க எழுந்த கூச்சல் உங்களுக்கு நினைவிருக்கும். கூச்சலிட்டவர்களில் எத்தனை பேருக்குத் தொகை தவறு, எத்தனை பேருக்குத் தொகை சரி ஆனால் விளக்கம் இல்லை? விளக்கம் கேட்க ஒரு வழி காகிதத்திலேயே இருந்தால் அந்த இரண்டையும் பிரித்துவிடலாம்.

தெளிவில்லாத அறிவிப்பு மோசடிக்காரனுக்கும் வசதி. 2022-இல் தமிழ்நாடு உட்பட இந்தியா முழுவதும் ஒரு குறுஞ்செய்தி சுற்றியது. போன மாத பில் பதிவாகவில்லை, இன்றிரவு 9.30 மணிக்கு உங்கள் மின்சாரம் துண்டிக்கப்படும், உடனே இந்த அதிகாரியை அழையுங்கள் என்று. அழைத்தவர்களிடம் செயலி ஒன்றை இறக்கச் சொல்லி வங்கிக் கணக்கைக் காலி செய்தார்கள். இத்தனைக்கும் இந்திய மின்சாரச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு, பாக்கிக்காகத் துண்டிப்பதற்கு முன் முழுமையாகப் பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்கிறது. "இன்றிரவு" என்று உண்மையான அறிவிப்பு வரவே முடியாது. அது தெரிந்திருந்தால் யார் ஏமாந்திருப்பார்கள்?

நம் நாட்டில் குறுஞ்செய்திகளில் இணைய இணைப்பு அனுப்புவதைத் தடுக்கும் நடவடிக்கை 2023-இல் தொடங்கியது. நல்லது. ஆனாலும் "இரண்டு மணி நேரத்தில் வெட்டுவோம்" என்று போனில் மிரட்டுகிறவனைத் தடுக்க, உண்மையான அறிவிப்பு எப்படி இருக்கும் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதில் உங்கள் கணக்கு எண் இருக்கும், கிழமையோடு தேதி இருக்கும், தனிநபர் வங்கிக் கணக்கு எண் இருக்காது. அந்த அடையாளங்களைத் தாளிலேயே ஒரு வரியில் அச்சடித்தால் என்ன?

மொழிக்கு வருவோம். கலிஃபோர்னியா மாநிலம் 2018-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. குடியிருப்புகளுக்கான தண்ணீர் பில் அறுபது நாள் பாக்கியான பிறகே துண்டிக்கலாம். அறிவிப்பில் பாக்கித் தொகை, கடைசித் தேதி, அவகாசம் கேட்கும் வழி, பில்லை மறு ஆய்வு செய்யக் கேட்கும் வழி எல்லாம் இருக்க வேண்டும். ஆங்கிலத்தோடு ஸ்பானிஷ், சீனம் உள்ளிட்ட ஐந்து மொழிகளிலும், அந்தப் பகுதியில் குறைந்தது பத்து விழுக்காட்டினர் பேசும் வேறு எந்த மொழியிலும் அது கிடைக்க வேண்டும்.

அந்தப் பத்து விழுக்காட்டு அளவை இங்கே அப்படியே கேட்டால் நமக்குப் பயன் இல்லை. மலாக்கா மாநிலக் கணக்கில் நாம் அதற்கும் குறைவு. அதனால் முழுக் கடிதத்தையும் தமிழில் கேட்பதைவிட, மலாய் அறிவிப்பின் அடியில் தமிழிலும் சீனத்திலும் இரண்டிரண்டு வரி கேட்பது நடக்கக்கூடியது என்று நினைக்கிறேன். "மேலே உள்ள தொகையை மேலே உள்ள தேதிக்குள் கட்டாவிட்டால் இணைப்பு துண்டிக்கப்படும். தமிழில் பேச இந்த எண்." எண்களுக்கு மொழி கிடையாது. இந்த இரண்டு வரி எல்லா வீட்டுக்கும் ஒன்றே என்பதால் ஒருமுறை அச்சடித்தால் போதும்.

புதிய அறிவிப்பு தேறியதா என்று பார்ப்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. பில் கட்ட வந்து கவுண்டரில் வரிசையில் நிற்பவர்களிடம், பெரியவர் சிறியவர் கலந்து, மாதிரித் தாளைக் கொடுத்து அரை நிமிடம் பார்க்கச் சொல்ல வேண்டும். பிறகு தாளைக் கவிழ்த்து வைத்து அந்த மூன்று கேள்விகளையும் கேட்க வேண்டும். யாராவது 286.25 என்று சொன்னால், அவரைத் திருத்தக்கூடாது, தாளைத்தான் திருத்த வேண்டும். அச்சான பிறகு, "நான் எவ்வளவு கட்டணும்?" என்று கேட்டு வரும் அழைப்புகள் குறைகின்றனவா என்று பார்த்தால் போதும். தெனாகா நேஷனலும் மலாக்கா தண்ணீர் நிறுவனமும் இதை ஒரு கிளையில் செய்து பார்க்கலாம். மின்சாரத்துக்கு எரிசக்தி ஆணையமும் தண்ணீருக்கு ஸ்பானும் மேற்பார்வை அமைப்புகளாக இருக்கின்றன. அவர்களிடமும் குடியிருப்போர் சங்கங்கள் இதை எழுத்தில் கேட்கலாம்.

தெளிவான காகிதம் பணத்தைக் கொடுத்துவிடாது என்பதும் எனக்குத் தெரியும். கையில் 187.50 வெள்ளியே இல்லாத வீடும் நம் பக்கத்தில் இருக்கிறது. இ-காசே பட்டியலில் உள்ள பரம ஏழைக் குடும்பங்களுக்கு மின் கட்டணத்தில் மாதம் 40 வெள்ளி வரை கழிவு உண்டு. தகுதியிருந்தும் பதியாதவர்கள் இருக்கிறார்கள். எச்சரிக்கைத் தாளில் அதையும் ஒரு வரி சேர்த்தால், தேவைப்படுகிறவர் கையில் தேவைப்படும் நேரத்தில் போய்ச் சேரும்.

நிறுவனங்கள் மாற்றும் வரை நாம் ஒன்று செய்யலாம். உங்கள் வீட்டுக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது, இ-பில் யாருடைய மின்னஞ்சலுக்குப் போகிறது, எந்தக் கைப்பேசி எண் பதிவாகியிருக்கிறது என்று இந்த வாரமே பாருங்கள். காலமான அப்பா பெயரிலும், வீட்டை விற்றுப்போன பழைய உரிமையாளர் பெயரிலும் இன்னும் கணக்கு இருக்கிற வீடுகள் உண்டு. எவ்வளவு நன்றாக எழுதிய அறிவிப்பும் அந்த வீடுகளில் போய்ச் சேராது. பெயர் மாற்ற அடையாள அட்டை, வீட்டு உரிமை அல்லது வாடகை ஒப்பந்தம், கடைசி பில் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு போங்கள். முன்பணம் புதிதாகக் கட்ட வேண்டியிருக்கலாம். பாக்கி இல்லாத மாதத்தில் போனால் வேலை சுலபமாக முடியும்.

அன்புடன்,
ஆசிரியர்